ஸ்னாட்ச், கிளீன் அண்டு ஜெர்க்: பலம் எங்கே முடிகிறது, நுட்பம் எங்கே தொடங்குகிறது

பளுதூக்கும் போட்டியில் இருப்பவை இரண்டே தூக்குகள். ஸ்னாட்ச்சில் பாரைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோக வேண்டும். கிளீன் அண்டு ஜெர்க்கில் பாரை முதலில் தோளுக்கு ஏற்றி, எழுந்து நின்று, அங்கிருந்து தலைக்கு மேல் உந்த வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்புகள் உண்டு. இரண்டிலும் தூக்கிய அதிகபட்ச எடைகளைக் கூட்டினால் வருவதே ஒருவரின் முடிவு.

2021 ஏப்ரலில் தாஷ்கந்தில் நடந்த ஆசியப் போட்டியில் மணிப்பூரின் மீராபாய் சானு, 49 கிலோ பிரிவில், கிளீன் அண்டு ஜெர்க்கில் 119 கிலோ தூக்கினார். அது அப்போதைய உலக சாதனை. அதே நாளில் ஸ்னாட்ச்சில் அவர் தூக்கியது 86 கிலோ. காலும் முதுகும் 119 கிலோவைத் தரையிலிருந்து கிளப்பி எழுந்து நிற்கப் போதும் என்றால், ஸ்னாட்ச்சில் அவை 86-இல் நிற்பானேன்? பளுதூக்குதலில் முடிவைத் தீர்மானிப்பது பலமா நுட்பமா என்ற பழைய கேள்வி இந்த 33 கிலோ இடைவெளிக்குள்தான் கிடக்கிறது. அதற்குப் பயிற்சியாளர்களும் ஆய்வாளர்களும் தந்த விடைகள் ஒன்றோடொன்று முழுதாக ஒத்துப்போனதில்லை.

மூன்றாவது தூக்கு போன கதை

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் முதல் 1972 மூனிச் வரை போட்டியில் மூன்று தூக்குகள் இருந்தன. மூன்றாவதன் பெயர் பிரஸ். பாரைத் தோளுக்கு ஏற்றியபின், காலின் உதவி இல்லாமல் கைபலத்தால் மட்டும் மேலே தள்ள வேண்டும். வெறும் பலத்தைச் சோதிப்பதாக அது கருதப்பட்டது. நாளடைவில் வீரர்கள் இடுப்பை முன்னே தள்ளி முதுகைப் பின்னால் வளைத்து, நெஞ்சின் உந்துதலோடு தள்ளக் கற்றுக்கொண்டார்கள். எவ்வளவு வளைவு முறையானது என்பதை நடுவர்களால் சீராகத் தீர்ப்பளிக்க முடியவில்லை; மூனிச்சுக்குப் பின் பிரஸ் கைவிடப்பட்டது. பலத்துக்கென்று ஒதுக்கிய தூக்கையே நுட்பம் விழுங்கிவிட்டது என்று இதைப் படிக்கலாம்.

மற்ற இரண்டும் அதே காலத்தில் உருமாறின. முன்பு பெரும்பாலோர் ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் பரப்பிப் பாரின் கீழே புகுந்தார்கள். 1950களிலும் 60களிலும் முழுதாகக் குந்தி ஏந்தும் முறை பரவியது. குந்தினால் உடம்பு இன்னும் தாழ்வாகப் போகும். பாரை அவ்வளவு உயரம் இழுக்கத் தேவையில்லை. 1960களில் பார் தொடையில் உரசிச் செல்வதும் விதிகளில் அனுமதிக்கப்பட்டது. அதனால் பாரை உடம்போடு ஒட்டியே வைத்திருக்க முடிந்தது. இவ்விரண்டும் யாருடைய தசையையும் பெருக்கவில்லை. தூக்கக்கூடிய எடையை மட்டும் கூட்டின.

பலமே அடிப்படை என்ற தரப்பு

பலத்தை முன்வைப்போரின் முதல் சான்று எடைப்பிரிவுகளே. உடல் எடை ஏற ஏறத் தூக்கும் எடையும் ஏறுகிறது. நுட்பம்தான் எல்லாம் என்றால், 60 கிலோ வீரர் ஒருவர் அதே தரத்து 109 கிலோ வீரரை எப்போதாவது வென்றிருக்க வேண்டும், அப்படி நடப்பதில்லை. இரண்டாவது சான்று ஸ்குவாட். பாரைத் தோளில் வைத்துக் குந்தி எழுவதில் ஒருவர் எவ்வளவு வல்லவரோ, அதற்கேற்பவே அவருடைய போட்டி எடைகளும் அமைகின்றன என்பதைப் பல அளவீடுகள் காட்டியிருக்கின்றன.

மூன்றாவது சான்று சங்கடமானது, ஆனால் கனமானது. ஊக்கமருந்து யாருக்கும் நுட்பத்தைக் கற்றுத்தருவதில்லை. தசையை வளர்க்கிறது, களைப்பிலிருந்து விரைவில் மீட்கிறது. அப்படியிருந்தும் இந்த விளையாட்டின் சாதனைப் பட்டியலையே அது மாற்றியது. 1993-லும் 1998-லும் எடைப்பிரிவுகள் மாற்றப்பட்டு, பழைய சாதனைகள் ஒதுக்கப்பட்டன. 2008, 2012 ஒலிம்பிக் மாதிரிகளை மறுபடி சோதித்தபோது பல பதக்கங்கள் பறிபோயின. பலம் இரண்டாம்பட்சம் என்றால் மருந்துக்கு இவ்வளவு மதிப்பு வந்திருக்காது.

இந்த வாதங்களில் பலவீனமும் உண்டு. ஸ்குவாட்டுக்கும் போட்டி எடைக்கும் உள்ள தொடர்பு, பலதரப்பட்டவர்களை ஒன்றாக அளக்கும்போதுதான் வலுவாகத் தெரிகிறது. ஒரே பிரிவில் ஒரே தரத்தில் உள்ள பத்துப் பேரை எடுத்தால், அதிக எடையோடு குந்தி எழுபவரே வெல்வார் என்று சொல்ல முடியாது. மருந்து வாதத்திலும் ஒரு முடிச்சு இருக்கிறது. களைப்பு சீக்கிரம் தீர்ந்தால் வாரத்துக்குக் கூடுதல் முறை தூக்கலாம். கூடுதல் முறை தூக்குவது நுட்பப் பயிற்சியும்தான். மருந்து தந்தது தசையா, பயிற்சி நேரமா என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல.

எதிர்த்தரப்பு பெரும்பாலும் டெட்லிஃப்டைச் சுட்டுகிறது. தரையிலிருந்து பாரை எடுத்து நிமிர்ந்து நின்றால் போதும் என்ற அந்தத் தூக்கில் ஐஸ்லாந்தின் ஹாஃப்தோர் ப்யோர்ன்சன் 2020-இல் 501 கிலோ எடுத்தார். கிளீன் அண்டு ஜெர்க்கில் ஜார்ஜியாவின் லாஷா தலாக்காட்ஸே 2021-இல் தூக்கிய 267 கிலோ அதில் பாதியைச் சற்றே தாண்டுகிறது. தரையிலிருந்து கிளப்பும் பலம் தலைக்கு மேல் போகும் எடையாகத் தானாக மாறிவிடாது என்பதற்கு இது சான்றாக நிற்கும். நுட்பம் பலத்தை வெல்லும் என்பதற்கு நிற்காது. மெதுவாக உருவாகும் பலமும் வேகத்தோடு உருவாகும் பலமும் வேறு என்று மட்டுமே இதிலிருந்து சொல்லலாம்.

ஸ்னாட்ச்சில் என்ன நடக்கிறது

தட்டுகளின் விட்டம் 45 சென்டிமீட்டர் என்பதால் பார் தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்குகிறது. வீரர் கைகளை அகலமாக வைத்து, கட்டைவிரலை மற்ற விரல்கள் மூடும்படி இறுக்கிப் பிடிக்கிறார். முழங்கால் வரையிலான முதல் இழுப்பு மெதுவானது. பார் முழங்காலைக் கடந்ததும் முழங்கால்கள் மறுபடி மடங்கிப் பாரின் கீழே நுழைகின்றன, உடம்பு நிமிர்கிறது. அந்த நிலையிலிருந்துதான் உண்மையான வெடிப்பு. இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் சேர்ந்து நீள, பார் இடுப்பருகே உச்ச வேகத்தை எட்டுகிறது.

தேர்ந்த வீரர்களின் ஸ்னாட்ச்சில் இந்த உச்ச வேகம் விநாடிக்கு 1.7 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்குள் அமைவது வழக்கம். கணக்கை எளிதாக்க 1.7 என்று கொள்ளலாம். அதற்குப்பின் யாரும் பாரைத் தொடவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் அது மேலே போய்க்கொண்டிருக்கும்: 0.17 விநாடிக்கு, ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் உயரம். உண்மையில் வீரரின் கைகள் பாரைப் பிடித்திருப்பதால் இந்த எண்கள் சற்று மாறும். ஆனால் அளவு இதுதான். இடுப்பிலிருந்து 15 சென்டிமீட்டர் என்பது நெஞ்சுக்குக்கூடப் போதாது. பார் தலைக்கு மேல் போவது எப்படி? பார் போவதில்லை, தலை கீழே வருகிறது. பார் கிட்டத்தட்ட எடையற்று மிதக்கும் அந்தச் சிறு நேரத்தில் வீரர் அதையே பிடிமானமாக வைத்துத் தன் உடம்பைக் கீழே இழுத்து, பாதங்களை நகர்த்தி, முழுதாகக் குந்தி, முழங்கைகளைப் பூட்டிக்கொள்கிறார்.

வேகம் 1.6-ஆகக் குறைந்தால் உயரத்தில் இழப்பு 2 சென்டிமீட்டருக்குள்தான். அந்த இழப்பை இரண்டு விதமாக ஈடுகட்டலாம். பலத்தைக் கூட்டி வேகத்தை மீட்கலாம். அல்லது 2 சென்டிமீட்டர் கூடுதலாக, அதே நேரத்துக்குள், தாழலாம். பாரின் எடை கூடக் கூட அதன் வேகம் குறைந்தே தீரும் என்பதால், ஒருவரின் உச்ச எடைக்கு அருகில் இரண்டாவது வழிதான் கைகொடுக்கிறது. ஸ்னாட்ச்சில் நுட்பத்துக்கு முதலிடம் தருவோரின் வாதத்தில் மிக உறுதியான பகுதி இதுவே.

இதோடு சேர வேண்டிய இன்னொரு கணக்கும் உண்டு. சாதாரணமாக ஒருவரின் ஸ்னாட்ச் அவருடைய ஸ்குவாட்டில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்கும் என்பது பயிற்சியாளர்களிடையே புழங்கும் கணக்கு. 100 கிலோ ஸ்னாட்ச் செய்பவர் 155, 160 கிலோவோடு குந்தி எழக்கூடியவராக இருப்பார். எனவே பாரை ஏந்தியபின் எழுந்து நிற்க அவருடைய கால்களுக்குப் பலம் மிச்சமிருக்கிறது. ஸ்னாட்ச் எழும்போது தோற்பது அரிது, ஏந்தும்போதுதான் தோற்கிறது.

எப்படித் தோற்றது என்பதைப் பார்த்தே காரணத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். பார் முன்னால் விழுந்தால், முதல் இழுப்பிலேயே எடை கால்விரல்களுக்குப் போய்விட்டது, அல்லது இடுப்பு பாரை மேலே உந்தாமல் முன்னே தட்டிவிட்டது. பின்னால் விழுந்தால், உயரம் போதுமானதாக இருந்தும் பார் வளைந்து வந்து தலையைக் கடந்துவிட்டது. பார் போதிய உயரம் வந்தும் வீரர் அதன்கீழே புகவே இல்லையென்றால் அது நேரத்தின் பிழை, சிலவேளை அச்சத்தின் பிழை. பார் அந்த உயரமே வரவில்லை என்றால்தான் பலத்தைச் சந்தேகிக்க வேண்டும். ஏந்தியபின் முழங்கை மடங்கி மறுபடி நீண்டால், பார் மேலே நின்றாலும் நடுவர்கள் சிவப்பு விளக்கையே போடுவார்கள்.

கிளீன் மன்னிக்கும், ஜெர்க் மன்னிக்காது

கிளீனில் பார் போய்ச் சேர வேண்டிய இடம் தோள். அதற்குத் தேவையான உயரம் குறைவு, வேகமும் குறைவு. அதனால் அதிக எடை சாத்தியமாகிறது. பார் காறை எலும்பின்மேல், உடம்பின் நடுக்கோட்டுக்கு அருகில் அமர்வதால், ஓரிரு சென்டிமீட்டர் முன்னால் வந்தாலும் முதுகும் காலும் இழுத்துப்பிடித்துச் சரிசெய்ய இடமிருக்கிறது. நீட்டிய கையின் முனையில், தலைக்கு மேல், அதே பிழை பாரைத் தரைக்கு அனுப்பிவிடும். பலசாலி ஒருவர் கோணலான கிளீனிலிருந்து முக்கி முனகி எழுவதை எந்தப் போட்டியிலும் பார்க்கலாம். கோணலான ஸ்னாட்ச்சிலிருந்து அப்படி எழுவது அபூர்வம்.

இங்கே பலத்தின் தரப்புக்கு நியாயமான இடம் கிடைக்கிறது. கிளீனில் ஏந்திய எடையோடு எழுவதுதான் பலருக்கும் எல்லை. முன்தோளில் பாரை வைத்துக் குந்தி எழும் பலம் கூடினால் கிளீனும் கூடும். ஆனால் தூக்கு அத்தோடு முடிவதில்லை. எழுந்து நின்று களைத்த காலோடு ஜெர்க் செய்ய வேண்டும். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, நேராகக் கீழிறங்கி, திரும்பி உந்தி, கால்களை முன்னும் பின்னும் பரப்பிக் கைகளைப் பூட்ட வேண்டும். அந்தச் சிறு இறக்கத்தில் மார்பு முன்னே சாய்ந்தால் உந்துதலும் முன்னே போகும். பார் முன்னால் விழும். கிளீனில் பலம் மூடிமறைத்த பிழை ஜெர்க்கில் வெளியே வந்துவிடும்.

விகிதம் சொல்வதும் சொல்லாததும்

இந்த வேறுபாட்டை ஓர் எண்ணில் அடக்க முயன்றவர்கள் சோவியத் பயிற்சியாளர்கள். ஸ்னாட்ச் என்பது கிளீன் அண்டு ஜெர்க்கில் 78 முதல் 82 விழுக்காடு வரை இருந்தால் சமநிலை. குறைந்தால் நுட்பமோ வேகமோ பின்தங்குகிறது, கூடினால் கால்பலம் பின்தங்குகிறது என்பது அந்த மரபில் வந்த பொதுவான வாசிப்பு. 1988 சியோலில் 60 கிலோ பிரிவில் நைம் சுலைமானோக்லு 152.5 கிலோவும் 190 கிலோவும் தூக்கினார்; விகிதம் 80. அந்த இலக்கணத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

ஆனால் தலாக்காட்ஸேயின் 225, 267 இரண்டையும் வைத்தால் விகிதம் 84. அவருக்குக் கால்பலம் பின்தங்குகிறது என்று சொல்ல யாருக்கும் துணிவு வராது. வேலூரின் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் 149, 179 தூக்கித் தங்கம் வென்றார். 2018 கோல்ட் கோஸ்டில் 144, 173 தூக்கி மறுபடி வென்றார். எடைகள் மாறியபோதும் இரண்டு முறையும் விகிதம் 83. அவரவர் உடலமைப்பில் பதிந்த தனிப்பட்ட விகிதமும் ஒன்று இருக்கலாம் என்ற கருத்துக்கு இது இடம் தருகிறது. கையின் நீளம், தோளின் நெகிழ்வு, உடற்பகுதிக்கும் காலுக்கும் உள்ள அளவு ஆகியவை பலத்திலும் சேராது, நுட்பத்திலும் சேராது. இரு தரப்பும் அவற்றைத் தம் கணக்கில் எழுதிக்கொள்ளப் பார்க்கின்றன.

டோக்கியோவின் எட்டுக் கிலோ

தாஷ்கந்தின் 86, 119-க்கு விகிதம் 72. வழக்கமான எல்லைக்கு வெகு கீழே இருப்பதால் மீராபாயின் நிலையைத் தனியாகப் பார்க்கலாம். 80 விழுக்காடு என்ற அளவுகோலை நம்பினால், 119 தூக்கியவருக்கு ஸ்னாட்ச்சில் 95 வர வேண்டும்.

மூன்று மாதம் கழித்து டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் ஸ்னாட்ச்சில் 84, 87 தூக்கி 89-இல் தவறினார். கிளீன் அண்டு ஜெர்க்கில் 110, 115 தூக்கி 117-இல் தவறினார். மொத்தம் 202, வெள்ளி. தங்கம் வென்ற சீனாவின் ஹூ சிஹுய் 94, 116 தூக்கி 210 சேர்த்தார். அவருடைய விகிதம் 81. இருவருக்கும் இடையில் இருந்த எட்டுக் கிலோவில் ஏழு கிலோ ஸ்னாட்ச்சில் போனது. கிளீன் அண்டு ஜெர்க்கில் வித்தியாசம் ஒரே கிலோ. 2024 பாரிஸில் ருமேனியாவின் மிஹேலா காம்பேயும் ஸ்னாட்ச்சில் 93 தூக்கி அதன் பலனாகவே வெள்ளி வென்றார். அங்கே 88, 111 தூக்கிய மீராபாய், தாய்லாந்து வீராங்கனையிடம் ஒரு கிலோவில் வெண்கலத்தை இழந்தார்.

இதை நுட்பத்தின் வெற்றி என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் மீராபாயின் ஸ்னாட்ச்சுக்குத் தடையாகத் தோள், முதுகுச் சிக்கலே பேசப்பட்டது. 2020-இன் இறுதியில் அமெரிக்காவுக்குச் சென்று, முன்னாள் பளுதூக்குபவரும் இயன்முறை மருத்துவருமான ஆரன் ஹோர்ஷிக்கிடம் அவர் சிகிச்சையும் பயிற்சியும் பெற்றார். அகலப் பிடியில் தலைக்கு மேல் பாரைத் தாங்க வலியற்ற, சமமாக இயங்கும் தோள்கள் வேண்டும். ஜெர்க்கில் பிடி குறுகியதாக இருப்பதால் அந்தத் தேவை தளர்கிறது. அப்படியானால் 33 கிலோ இடைவெளியில் எவ்வளவு நுட்பம், எவ்வளவு உடல்நிலை? இன்னொரு வாசிப்பும் இருக்கிறது: ஸ்னாட்ச் தாழ்ந்ததால் அல்ல, ஜெர்க் அசாதாரணமாக உயர்ந்ததால் விகிதம் குறைந்திருக்கலாம். 2016 ரியோவில் கிளீன் அண்டு ஜெர்க்கின் மூன்று வாய்ப்புகளிலும் தவறி மொத்தமே இல்லாமல் திரும்பியவர், ஐந்தாண்டுக்குள் அதிலேயே உலக சாதனை வைத்திருந்தார். அவருடைய உழைப்பில் பெரும்பங்கு எந்தத் தூக்குக்குப் போயிருக்கும் என்று ஊகிக்கலாம்.

இரண்டு பயிற்சி மரபுகள்

கேள்வி கோட்பாட்டில் தீராவிட்டாலும் பயிற்சிக்கூடத்தில் நாள்தோறும் முடிவெடுத்தாக வேண்டும். இரட்டை ஒலிம்பிக் சாம்பியனும் மருத்துவருமான அர்காடி வொரோபியோவ் போன்றோரால் உருப்பெற்ற சோவியத் மரபு, தூக்கைப் பகுதிகளாகப் பிரித்தது. உச்சத்தைவிடக் குறைவான எடைகளில் பலமுறை செய்து பாரின் பாதையைப் பழக்கியது. பலத்துக்கெனத் தனிப் பயிற்சிகளை வைத்தது. பல்கேரியாவின் இவான் அபஜியேவ் இதற்கு நேரெதிர். போட்டித் தூக்குகளும் ஸ்குவாட்டும் மட்டும், ஏறக்குறைய நாள்தோறும், அன்றைய உச்ச எடைவரை. 70 விழுக்காட்டில் கற்ற நுட்பம் 100 விழுக்காட்டில் உதவாது, ஏனெனில் வேகமும் நேரமும் மாறிவிடுகின்றன என்பது அந்த முறையின் தர்க்கம்.

மேலே பார்த்த 0.17 விநாடிக் கணக்கு அபஜியேவின் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. எடை குறைந்த பார் உயரமாகப் பறக்கும். தாழ்ந்து புகும் தேவையே எழாது. ஆனால் அந்த முறையில் தாக்குப்பிடித்தவர்களைத்தான் உலகம் பார்த்தது. காயத்தோடு விலகியவர்கள் கணக்கில் வருவதில்லை. பல்கேரிய அணியின் ஊக்கமருந்து வரலாறும் அதன் வெற்றிகளிலிருந்து பிரித்தெடுக்க முடியாதது.

தீராமல் இருப்பவை

தொடக்கநிலையில் நுட்பம் பெரிது என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. உச்சநிலையிலும், போதிய பலம் வந்துவிட்டவர்களுக்கிடையே, ஸ்னாட்ச்சைப் பொறுத்தவரை எடைபோடத்தக்க சான்று நுட்பத்தின் பக்கமே இருக்கிறது. கிளீன் அண்டு ஜெர்க்குக்கு இதை அதே உறுதியோடு நீட்ட முடியாது. அங்கே கிளீனுக்கு ஒரு விடையும் ஜெர்க்குக்கு ஒரு விடையும் வரக்கூடும்.

அளவீட்டுச் சிக்கலும் எஞ்சியிருக்கிறது. நுட்பத்தைப் பாரின் பாதையால் அளப்பது வழக்கம். ஆனால் உலகத்தர வீரர்களிடையே பாதைகள் பலவிதமாக இருக்கின்றன. பின்னோக்கிக் குதித்து ஏந்துபவர்களும் உண்டு, இருந்த இடத்திலேயே ஏந்துபவர்களும் உண்டு, இருவரும் வெல்கிறார்கள். பாரின் கீழே விரைந்து புகுவதை எதில் சேர்ப்பது என்பதும் தெளிவில்லை. பழகிவந்த திறன் என்ற வகையில் அது நுட்பம். உடம்பைக் கீழே இழுக்கும் தசைகளின் வேகம் என்ற வகையில் அதுவும் ஒருவகைப் பலம். ஒரே வீரரின் ஸ்குவாட்டும் ஸ்னாட்ச்சும் பாரின் பாதையும் பல ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பதிவாகி, எது ஏறியபோது எது ஏறியது என்று பார்க்க முடிந்தால் இந்த வகைப்பாட்டுக்கு ஓர் அடிப்படை கிடைக்கும். பலதரப்பட்ட வீரர்களை ஒரே நாளில் அளந்து ஒப்பிடும் முறையால் அதைச் செய்ய முடியாது.